முகம் மாறுவதற்கு முன்

1993இல் வெளிவந்த ‘ஜுராசிக் பார்க்’ படத்தில், கூரைக்கு மேலே ஊர்ந்து தப்பிக்கிற சிறுமி லெக்ஸ் சட்டென்று கீழே சரிந்து தொங்குவாள். அடியில் ராப்டர் எம்பிப் பாயும். தொங்கியது நடிகை அரியானா ரிச்சர்ட்ஸ் அல்ல, டூப். அந்த டூப் ஒரு கணம் கேமராவை நிமிர்ந்து பார்த்துவிட்டார். ஷாட்டை வீணாக்க மனமில்லாமல், ஐஎல்எம் நிறுவனத்தின் கலைஞர்கள் டூப்பின் முகத்தின் மேல் அரியானாவின் முகத்தைப் பொருத்தினார்கள். முகத்தை மாற்றும் வேலைக்கு எல்லோரும் எடுத்துக்காட்டும் ஆரம்பகால ஷாட் அது.

இன்று அந்த வேலையில் பெரும்பகுதியை மென்பொருள் செய்கிறது. புது முகத்தை எது வரைகிறது, எப்படி வரைகிறது என்பதைப் பற்றித்தான் ஊரெல்லாம் பேச்சு. ஆனால் திரையில் பார்த்தவுடன் ‘ஏதோ ஒட்டவில்லையே’ என்று நமக்குத் தோன்றுவதற்குப் பெரும்பாலும் முகத்தை வரைந்த விதம் காரணமாக இருப்பதில்லை. அதற்கு முந்தைய கட்டத்தில், ஓடுகிற முகத்தைப் பின்தொடர்ந்து அசையாமல் நிறுத்துகிற இடத்தில்தான் கோளாறு நடந்திருக்கும். அங்கே விட்ட பிழையைப் பிற்பாடு எந்த அழகான முகத்தாலும் மூடிவிட முடியாது.

நிறுத்துவது என்றால் கேமரா ஆட்டத்தைச் சரிசெய்வது அல்ல. ஒரு பெண் தெருவில் நடந்து வருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். சட்டத்துக்குள் அவள் முகம் இடமிருந்து வலம் போகிறது, நெருங்க நெருங்கப் பெரிதாகிறது, கொஞ்சம் சாய்கிறது. இப்போது ஒவ்வொரு ஃப்ரேமிலும் அந்த முகத்தை மட்டும் வெட்டி, ஒரே அளவுள்ள சதுரத்துக்குள், கண்கள் எப்போதும் அதே இடத்தில் வருமாறு நகர்த்தி, திருப்பி, பெரிதாக்கியோ சிறிதாக்கியோ வைக்கிறோம். இந்தச் சதுரங்களை வரிசையாக ஓட்டினால், முகம் நிலையாக நிற்கும். பின்னால் தெருதான் ஆடி ஓடும். ஓடும் ரயிலில் எதிர் இருக்கைக்காரரைப் பார்ப்பது போல. புது முகம் வரையப்படுவது இந்தச் சதுரத்துக்குள்தான். வரைந்து முடிந்ததும், போன வழியே திரும்பி வரவேண்டும்: எவ்வளவு நகர்த்தினோமோ அவ்வளவு எதிர்த்திசையில் நகர்த்தி, திருப்பியதைத் திருப்பி, அளவை மீட்டு, மூலப் படத்தின் மேல் வைக்கிறோம்.

இதில் தொழில் தெரிந்தவர்கள் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கும் ஒரு விஷயம் உண்டு. மூலப் படத்தை மொத்தமாக நகர்த்தித் திருப்பி மறுபடி பழைய இடத்துக்குக் கொண்டுவர மாட்டார்கள். படத்தை ஒவ்வொரு முறை நகர்த்தும்போதும் பிக்சல்கள் புதிதாகக் கணக்கிடப்பட்டு, கூர்மை கொஞ்சம் மழுங்கும். எனவே மூலப் படம் தொடப்படாமல் அப்படியே கிடக்கும். சதுரத்துக்குள் வரைந்த புது முகம் மட்டும் ஒரே ஒரு முறை நகர்த்தப்பட்டு அதன் மேல் அமரும்.

அப்படியானால் எல்லாம் அந்த மூன்று அளவுகளைப் பொறுத்தது: எங்கே நகர்த்துவது, எத்தனை டிகிரி திருப்புவது, எவ்வளவு பெரிதாக்குவது. இவற்றைக் கண்டுபிடிக்க முகத்தில் அடையாளப் புள்ளிகளைத் தேடுகிறார்கள். பரவலாகப் புழங்கும் முறையில் 68 புள்ளிகள். தாடையோரம் 17, புருவங்களில் 10, மூக்கில் 9, கண்களைச் சுற்றி 12, உதடுகளில் 20. ஒவ்வொரு ஃப்ரேமிலும் இந்தப் புள்ளிகளை மென்பொருள் கண்டுபிடித்துக் கொடுக்கும். அவற்றை ஒரு மாதிரி முகத்தின் புள்ளிகளோடு மிக நெருக்கமாகப் பொருத்தினால் மூன்று அளவுகளும் கிடைத்துவிடும்.

68 புள்ளிகள் கிடைக்கின்றன என்பதற்காக எல்லாவற்றையும் பயன்படுத்தினால் முதல் சிக்கல் தொடங்கும். அந்தப் பெண் பேசுகிறாள். ‘ஆ’ என்று வாய் திறக்கும்போது கீழுதடும் தாடையும் இறங்குகின்றன. கணக்கு அதை வாய் திறந்ததாகப் பார்க்காது. முகம் நீண்டுவிட்டது, ஆகவே பெரிதாகிவிட்டது என்றுதான் எடுத்துக்கொள்ளும். சதுரத்துக்குள் அடங்க முகத்தைச் சற்றுச் சுருக்கும். விளைவாக, அவள் பேசப் பேசக் கண்களும் மூக்கும் சுருங்கி விரியும். நிறுத்திய துண்டை ஓட்டிப் பார்த்தால், முகம் மூச்சு விடுவதாகவே தோன்றும். வாயசைவுக்குத் தகுந்தபடி நெற்றி அசைந்தால் காரணம் இதுதான் என்று தெரிந்துகொள்ளலாம்.

ஆகவே நகரக்கூடிய இடங்களை ஒதுக்கவேண்டும். தாடை வேண்டாம். உதடு வேண்டாம். இமைகள் கண் சிமிட்டும்போது மூடித் திறப்பதால் அவையும் வேண்டாம். கண்களின் ஓரங்கள் மட்டும் போதும். புருவங்கள் வியப்பிலும் கோபத்திலும் ஏறி இறங்கும். மிஞ்சுவது கண்ணோரங்கள், மூக்கின் மேல்தண்டு, மூக்கின் அடி. மண்டை ஓட்டோடு இறுக ஒட்டியிருக்கும் இடங்கள் இவை. நடிப்பு எதுவானாலும், தலை அசைந்தால் மட்டுமே இவை பெரிதாக அசையும்.

சரியான புள்ளிகளைத் தேர்ந்தெடுத்த பிறகும் முகம் நடுங்கும். இதைத்தான் ‘ஜிட்டர்’ என்கிறார்கள். புள்ளி தேடும் மென்பொருள் ஒவ்வொரு ஃப்ரேமையும் தனிப் புகைப்படமாகத்தான் பார்க்கிறது. முந்தைய ஃப்ரேமில் கண்ணோரம் எங்கே இருந்தது என்பது அதற்குத் தெரியாது. வெளிச்சம் துளி மாறினால், படத்தின் இரைச்சல் துளி மாறினால், புள்ளி ஒன்றிரண்டு பிக்சல் அங்குமிங்கும் விழும். ஒரு புகைப்படத்தில் அது பிழையே அல்ல. விநாடிக்கு 24 படம் ஓடும்போது பளிச்சென்று தெரியும்.

எவ்வளவு தெரியும் என்று கணக்கிட்டே பார்க்கலாம். நம் பெண்ணின் இரு கண்களின் வெளியோரங்களுக்கு நடுவே 120 பிக்சல் இருக்கிறது. ஒரு ஃப்ரேமில் வலக் கண்ணோரப் புள்ளி தவறுதலாக 2 பிக்சல் மேலே விழுந்துவிடுகிறது. இரு கண்களை இணைக்கும் கோடு ஏறக்குறைய ஒரு டிகிரி சாய்ந்துவிடும். அந்தச் சாய்வு மொத்த முகத்துக்கும் போகும். கண்களுக்கு 180 பிக்சல் கீழே இருக்கும் முகவாய் 3 பிக்சல் பக்கவாட்டில் நகரும். அடுத்த ஃப்ரேமில் புள்ளி கீழே விழுந்தால் முகவாய் எதிர்ப்பக்கம் போகும். கழுத்து அசையாமல் நிற்கிறது, முகவாய் மட்டும் அதிர்கிறது. பார்ப்பவர்களுக்கு என்ன தவறு என்று சொல்லத் தெரியாவிட்டாலும், முகத்தை நம்ப மறுப்பார்கள்.

ஜிட்டருக்கு இன்னொரு காரணமும் உண்டு. புள்ளிகளைத் தேடும் முன், ‘முகம் இங்கே இருக்கிறது’ என்று ஒரு கட்டம் போடப்படும். அந்தக் கட்டம் கொஞ்சம் தள்ளிப்போனால் அதற்குள் தேடப்படும் புள்ளிகளும் தள்ளிப்போகும். டிஸ்னியின் ஆய்வுப் பிரிவும் சூரிச்சின் ஈடிஎச் பல்கலைக்கழகமும் சேர்ந்து, திரைப்படத் தரத்தில் முகத்தை மாற்றுவது பற்றி 2020இல் ஓர் ஆய்வை வெளியிட்டன. அதில் இதற்குக் கையாண்ட வழி எளிமையானது. ஒரே ஃப்ரேமில் கட்டத்தைச் சற்றே இப்படியும் அப்படியும் நகர்த்தி, திரும்பத் திரும்பப் புள்ளிகளைத் தேடச் செய்து, கிடைத்த விடைகளின் சராசரியை எடுத்தார்கள். பெரிய தெளிவுள்ள முகத்தைத் திரையில் காட்டும்போது நடுக்கமும் பெரிதாகத் தெரியும் என்பதால், முகத்தை வரையும் முறையோடு இதிலும் அவர்கள் கவனம் செலுத்தியிருந்தார்கள்.

புள்ளிகளைப் புதிதாகத் தேடாமல், முந்தைய ஃப்ரேமிலிருந்து பின்தொடர்ந்தே போவது இன்னொரு வழி. இது பழையது. 1981இல் லூகாஸ், கனாடே என்ற இருவர் கொடுத்த முறை இன்றும் வேலை செய்கிறது. முகத்தில் ஒரு மச்சத்தையோ கண்ணோரச் சுருக்கத்தையோ சுற்றிச் சின்னத் துண்டை எடுத்துக்கொண்டு, அடுத்த ஃப்ரேமில் அதே துண்டு எங்கே போயிருக்கிறது என்று பிக்சலின் ஒரு பகுதி அளவுக்குத் துல்லியமாகச் சொல்லிவிடும். நடுக்கம் கிட்டத்தட்ட இருக்காது.

ஆனால் இதற்கும் ஒரு விலை உண்டு. ஒவ்வோர் அடியிலும் மிகச் சின்னப் பிழை சேரும். அது அடுத்த அடிக்குக் கூடவே வரும். ஃப்ரேமுக்கு 0.05 பிக்சல் என்று ஒரே திசையில் பிசகினாலும், 5 விநாடி ஷாட்டின் 120 ஃப்ரேம்கள் முடியும்போது 6 பிக்சல் தள்ளிப்போயிருக்கும். இதை ‘ட்ரிஃப்ட்’ என்பார்கள். கண்ணுக்கு அதிர்வு தெரியாது; ஷாட்டின் முடிவில் புது முகம் மெல்ல வழுக்கிக் காதை நோக்கிப் போயிருக்கும்.

தேடும் முறை நடுங்கும், ஆனால் வழி தவறாது. தொடரும் முறை நடுங்காது, ஆனால் மெல்ல வழி தவறும். எனவே இரண்டையும் சேர்க்கிறார்கள். தெளிவான சில ஃப்ரேம்களில் புள்ளிகளைத் தேடி, கையால் சரிபார்த்து, அவற்றை ஆணிகளாக வைத்துக்கொள்வார்கள். இரண்டு ஆணிகளுக்கு நடுவே தொடரும் முறை. முதல் ஆணியிலிருந்து முன்னோக்கி ஒரு முறை, அடுத்த ஆணியிலிருந்து பின்னோக்கி ஒரு முறை. ஆணிக்குப் பக்கத்தில் அந்த ஆணியிலிருந்து வந்த விடைக்கு அதிக மதிப்பு. நடுவில் இரண்டும் சரிபாதி. முன்னோக்கிப் போனதும் பின்னோக்கி வந்ததும் நடுவில் ஒத்துப்போகாவிட்டால் அங்கே ஏதோ குறுக்கே வந்திருக்கிறது என்று பொருள். அங்கே இன்னோர் ஆணி அடிக்கவேண்டும்.

இதற்குப் பிறகும் மிஞ்சும் நடுக்கத்தை மட்டுப்படுத்தத்தான் வழவழப்பாக்குவது. புதிதாக இந்த வேலைக்கு வருபவர்கள் அதிகம் கெடுப்பது இங்கேதான் என்பது என் எண்ணம். பல ஃப்ரேம்களின் சராசரியை எடுத்தால் நடுக்கம் அடங்கும். அத்தோடு உண்மையான அசைவும் அடங்கிவிடும்.

நம் பெண்ணிடமே திரும்புவோம். அவள் விநாடிக்கு இரண்டு அடி வைக்கிறாள். ஒவ்வோர் அடிக்கும் தலை ஒரு முறை ஏறி இறங்குகிறது, அதாவது 12 ஃப்ரேமுக்கு ஒரு முறை. ஏற்றமும் இறக்கமும் நடுநிலையிலிருந்து 8 பிக்சல் என்று வைப்போம். நடுக்கத்தை ஒழித்தே தீருவேன் என்று 12 ஃப்ரேம்களுக்குச் சராசரி எடுத்தால், ஏற்றமும் இறக்கமும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு பூச்சியமாகிவிடும். தலை குதித்துக் குதித்து வரும். அதன் மேல் ஒட்டிய முகம் நேர்கோட்டில் மிதக்கும். நெற்றி ஓரத்திலும் காதோரத்திலும் 8 பிக்சல் வழுக்கல். சரி, 5 ஃப்ரேம் சராசரி? அப்போதும் 8 பிக்சல் அசைவு 6 ஆகக் குறைந்துவிடும். 2 பிக்சல் வழுக்கல் மிஞ்சும். நடுக்கத்தைத் துரத்தி வழுக்கலை வாங்கிக்கொண்டதுதான் மிச்சம்.

இங்கே கைகொடுப்பது, திரைப்படத்துக்குச் சம்பந்தமே இல்லாத இடத்திலிருந்து வந்த ஒரு முறை. வேதியியல் கருவிகள் வரைந்து தரும் கோடுகளில் இருந்த பிசிறை நீக்க, சவிட்ஸ்கி, கோலே என்ற இருவர் 1964இல் வெளியிட்டது. சராசரிக்குப் பதிலாக, பக்கத்துப் பக்கத்து 7 ஃப்ரேம்களின் அளவுகள் வழியாக ஒரு சிறு வளைகோட்டைப் பொருத்தி, நடு ஃப்ரேமில் அந்தக் கோடு எங்கே இருக்கிறது என்று எடுத்துக்கொள்வது. மலை உச்சியைச் சராசரி தட்டையாக்கிவிடும்; வளைகோடு உச்சியோடு சேர்ந்து வளையும். இதே நடைக்குக் கணக்குப் போட்டால், 8 பிக்சல் அசைவில் கால் பிக்சலுக்கும் குறைவாகவே இழக்கிறோம். நடுக்கம் பாதியைவிடச் சற்று அதிகமாக மிஞ்சும். சராசரி அளவுக்கு நடுக்கத்தை இது அடக்காது, ஆனால் முகம் தலையோடு போகும். இரண்டில் எது வேண்டும் என்று கேட்டால் நான் எப்போதும் இதைத்தான் எடுப்பேன். சின்ன நடுக்கத்தைக் கண் சில சமயம் மன்னிக்கும், வழுக்கலை மன்னிக்கவே மன்னிக்காது.

நடந்து முடிந்த வீடியோவை வைத்து வேலை செய்வதில் ஒரு வசதியும் உண்டு. முந்தைய 3 ஃப்ரேம்களோடு அடுத்த 3 ஃப்ரேம்களையும் பார்த்து முடிவு செய்யலாம். நேரலையில் அடுத்த ஃப்ரேம் இன்னும் வரவில்லை. அங்கே வழவழப்பாக்கினால் முகம் எப்போதும் தலைக்குப் பின்னாலேயே வரும். வீடியோ அழைப்பில் போடும் விளையாட்டு முகமூடிகள், தலையைச் சட்டென்று திருப்பினால் ஒரு கணம் பின்தங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வழவழப்பு சரியா என்று அறிய நல்ல சோதனை ஒன்று இருக்கிறது. நிறுத்திய துண்டின் ஒவ்வொரு ஃப்ரேமிலிருந்தும் மூக்குத்தண்டின் குறுக்கே போகும் ஒரே ஒரு வரிசைப் பிக்சலை மட்டும் வெட்டி எடுத்து, ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்கவேண்டும். 120 ஃப்ரேம்கள், 120 வரிசைகள். மூக்கின் இரு ஓரங்களும் நேர்க்கோடுகளாக இறங்கினால் முகம் நின்றிருக்கிறது. கோடு பிசிறடித்தால் ஜிட்டர். சாய்ந்துகொண்டே போனால் ட்ரிஃப்ட். சீரான அலையாக வந்தால் அதிகமாக வழவழப்பாக்கிவிட்டோம். அந்த அலையே அவளுடைய நடை. வீடியோவைப் பத்து முறை ஓட்டிப் பார்த்தாலும் பிடிபடாதது இந்த ஒரே படத்தில் தெரிந்துவிடும்.

இனி, நிறுத்துவதால் தீராத இரண்டு சங்கதிகள். முதலாவது மங்கல். 24 ஃப்ரேம் படத்தில் ஒவ்வொரு ஃப்ரேமும் வழக்கமாக விநாடியில் 48இல் ஒரு பங்கு நேரம் ஒளியை வாங்குகிறது. அந்த நேரத்துக்குள் முகம் நகர்ந்தால் கோடிழுத்தது போல் மங்கும். அசைவை நீக்கலாம்; பதிந்துவிட்ட மங்கலை அப்படி நீக்க முடியாது. அதனால் நிறுத்திய துண்டில், அசையாமல் நிற்கும் முகம் திடீரென்று இரண்டு மூன்று ஃப்ரேம் கலங்கி மறுபடி தெளியும். அந்த ஃப்ரேம்களில் கண்ணோரம் எது என்று மென்பொருளுக்கும் குழப்பம். அங்கே கிடைக்கும் புள்ளிகளை நம்பாமல், முன்னும் பின்னும் உள்ள தெளிந்த ஃப்ரேம்களை வைத்து நடுவை நிரப்புவதே மேல். பிறகு, புது முகத்தைத் திரும்ப வைக்கும்போது அதே திசையில், அதே நீளத்துக்கு அதையும் மங்கலாக்கவேண்டும். மங்கிய தலையில் கூர்மையான முகம் ஒரே ஒரு ஃப்ரேம் வந்தாலும் கண்ணை உறுத்தும்.

இரண்டாவது, தலை திரும்புவது. நகர்த்தல், திருப்பல், அளவு மாற்றம் ஆகிய மூன்றும் ஒரு தட்டையான காகிதத்துக்குத்தான் முழுமையாகப் பொருந்தும். தலை உருண்டையானது. அவள் 45 டிகிரி பக்கவாட்டில் திரும்பினால், கண்களுக்கு நடுவே தெரிந்த 120 பிக்சல் ஏறக்குறைய 85 ஆகிவிடும். கண்களை மட்டும் வைத்து அளவெடுத்தால், முகம் ஏறக்குறைய 30 சதவீதம் சிறிதாகிவிட்டது என்று கணக்கு முடிவு செய்து, நிறுத்திய சதுரத்தில் அதை ஊதிவிடும். அதைத் தடுக்கத்தான் நெற்றிப்பொட்டிலிருந்து மூக்கடி வரையிலான உயரத்தையும் கணக்கில் சேர்ப்பார்கள். பக்கவாட்டில் திரும்பினாலும் உயரம் பெரிதாக மாறாது. இன்னும் கவனமான வேலைக்கு, தலையின் முப்பரிமாண உருவத்தையே புள்ளிகளோடு பொருத்தி, தலை எந்தப் பக்கம் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று கண்டுபிடிப்பார்கள். முழுப் பக்கவாட்டுத் தோற்றத்தில் தூரத்துக் கண்ணே மறைந்துவிடும். அப்போது அந்தக் கண்ணோரப் புள்ளி என்று மென்பொருள் தருவது வெறும் ஊகம். பார்க்காத ஒன்றைப் பார்த்ததாகச் சொல்லும் அந்தப் புள்ளியைக் கணக்கிலிருந்து நீக்கிவிடுவது நல்லது.

இந்த நுணுக்கங்கள் சினிமா அழகுக்காக மட்டும் என்று நினைக்கவேண்டாம். டேவிட் ஃப்ரான்ஸ் இயக்கி 2020இல் வந்த ‘வெல்கம் டு செச்னியா’ என்ற ஆவணப்படம், ரஷ்யாவின் செச்னியாவில் தன்பாலீர்ப்பு உள்ளவர்கள் வேட்டையாடப்பட்டதையும், அவர்களைத் தப்பவைத்தவர்களையும் காட்டியது. முகம் தெரிந்தால் உயிருக்கு ஆபத்து. கறுப்புப் பட்டையோ சதுரக் கட்டங்களோ போட்டு மறைத்தால் அவர்களின் அழுகையும் அச்சமும் சேர்ந்து மறைந்துவிடும். எனவே தன்னார்வலர்கள் தங்கள் முகங்களைத் தர, இருபதுக்கும் மேற்பட்டவர்களின் முகங்கள் அவற்றால் மாற்றப்பட்டன. கண் சிமிட்டல், உதட்டின் நடுக்கம் எல்லாம் பாதிக்கப்பட்டவருடையவை. முகம் மட்டும் வேறொருவருடையது. பார்ப்பவர் ஏமாறக்கூடாது என்பதற்காக, மாற்றிய முகங்களின் ஓரத்தில் இலேசான மங்கல் வேண்டுமென்றே விடப்பட்டது. காட்சிகள் பலவும் கையிலும் மறைவாகவும் பிடித்த கேமராக்களில் எடுத்தவை. சீராக நகரும் ஸ்டூடியோ ஷாட் அல்ல. குலுங்கும் கார், அரையிருட்டு அறை.

இப்படிப்பட்ட வேலையில் பின்தொடர்தல் தவறுவதற்கு வேறொரு பொருள் வந்துவிடுகிறது. பொதுவாக முகம் மாற்றும் மென்பொருள், ஒரு ஃப்ரேமில் முகத்தைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால் ஒன்றும் செய்யாது. மூலப் படம் அப்படியே வெளியே போகும். முகத்தின் குறுக்கே ஒரு கை போனாலோ, விளக்கு ஒரு கணம் அணைந்து எரிந்தாலோ அது நேரலாம். கதைப் படத்தில் அது ஒரு மினுக்கல். இங்கே அது ஓர் ஆளின் உண்மை முகம், விநாடியில் 24இல் ஒரு பங்கு நேரத்துக்கு. ஓட்டிப் பார்த்தால் தவறவிடலாம். வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பவர் தவறவிடமாட்டார்.

ஆகவே யாரையாவது காப்பாற்ற முகத்தை மாற்றும்போது முதல் சோதனை எண்ணிக்கைதான். துண்டில் எத்தனை ஃப்ரேம், அவற்றில் எத்தனையில் முகம் கிடைத்தது? 120க்கு 117 என்று வந்தால், விட்டுப்போன மூன்றும் எவை என்று எண்ணோடு எழுதி எடுக்கவேண்டும். அடுத்தடுத்து ஓரிரு ஃப்ரேம் மட்டும் விட்டுப்போயிருந்தால், இருபக்கத்து அளவுகளை வைத்து நடுவை நிரப்பிவிடலாம். இடைவெளி அரை விநாடியைத் தாண்டினால் அப்படி நிரப்புவது சூதாட்டம். அதற்குள் தலை எங்கு வேண்டுமானாலும் போய் வந்திருக்கும். அங்கே ஒருவர் உட்கார்ந்து, ஃப்ரேம் ஃப்ரேமாகக் கண்ணோரத்தையும் மூக்குத்தண்டையும் கையால் குறிக்கவேண்டும். குறித்த பிறகு, மாற்றிய முகத்தின் ஓரத்துக்கு வெளியே அசல் காதோ முகவாயோ துருத்தித் தெரிகிறதா என்று ஒவ்வொரு ஃப்ரேமையும் பெரிதாக்கிப் பார்க்கவேண்டும். துருத்தினால் மாஸ்க்கை அந்த ஃப்ரேமில் விரித்துவிட்டு அடுத்ததற்குப் போகலாம்.